கூற்றும் காரணமும் பொருந்தாதபோது: சர்வசம முக்கோண நிரூபணத்தில் பிழையைக் கண்டுபிடிக்கும் முறை

எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் வடிவியல் நோட்டுகளைத் திருத்தும்போது, சர்வசம முக்கோணங்களைப் பற்றிய நிரூபணங்களில் ஒரே சில பிழைகள்தாம் மீண்டும் மீண்டும் கண்ணில் படுகின்றன. பிழை எங்கே நிகழ்ந்தது என்பது மாணவருக்குத் தெரிவதில்லை. மதிப்பெண் குறைந்திருப்பது மட்டுமே தெரிகிறது. ஆகவே, பிழை வெளியே எப்படித் தெரிகிறதோ அதையே தலைப்பாக வைத்து இதை எழுதியிருக்கிறேன். உங்கள் நிரூபணத்தில் தெரியும் அறிகுறிக்குரிய தலைப்புக்கு நேரே சென்று, அதன் கீழுள்ள சோதனைகளை வரிசையாகச் செய்து பாருங்கள். எளிதில் சரியாகக்கூடிய காரணம் முதலிலும், நிரூபணத்தையே மாற்றி எழுத வைக்கும் காரணம் கடைசியிலும் இருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். ΔABC இல் AB = AC. AB இன் மீது D என்ற புள்ளியும், AC இன் மீது E என்ற புள்ளியும் AD = AE ஆகுமாறு உள்ளன. BE, CD என்னும் கோடுகள் O இல் வெட்டிக்கொள்கின்றன. OB = OC என நிறுவுக.

| எண் | கூற்று | காரணம் |
|---|---|---|
| 1 | AB = AC | தரவு |
| 2 | AE = AD | தரவு |
| 3 | ∠BAE = ∠CAD | பொதுவான கோணம் |
| 4 | ΔABE ≅ ΔACD | ப-கோ-ப (1, 3, 2) |
| 5 | ∠ABE = ∠ACD | சர்வசம முக்கோணங்களின் ஒத்த கோணங்கள் (4) |
| 6 | BD = CE | AB − AD = AC − AE (1, 2) |
| 7 | ∠DOB = ∠EOC | குத்தெதிர்க் கோணங்கள் |
| 8 | ΔDOB ≅ ΔEOC | கோ-கோ-ப (7, 5, 6) |
| 9 | OB = OC | சர்வசம முக்கோணங்களின் ஒத்த பக்கங்கள் (8) |

காரணப் பகுதியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்களைக் கவனியுங்கள். அந்தக் காரணம் எந்த வரிகளின் மேல் நிற்கிறது என்பதை அவை சொல்கின்றன. பாடநூல்கள் பெரும்பாலும் இவ்வெண்களைக் கேட்பதில்லை. ஆயினும் பயிற்சி நோட்டில் இவற்றை எழுதும்படி நான் வற்புறுத்துவேன். கீழே வரும் பிழைகளில் பாதி, அந்த எண்ணை எழுத முயலும்போதே தாமாக வெளிப்பட்டுவிடும்.

## அறிகுறி 1: முக்கோணங்களும் கொள்கையும் சரி, ஆனால் அதன் பிறகு வரும் வரி தவறாகிறது

### முதலில் பார்க்க வேண்டியது: உச்சிகளின் வரிசை

மேலுள்ள கணக்கின் நான்காம் வரியை ΔABE ≅ ΔADC என்று எழுதும் மாணவர்கள் பலர். அவர்கள் எடுத்துக்கொண்ட முக்கோணங்கள் சரியானவை, ப-கோ-ப என்ற காரணமும் சரியானது. ஆனால் அந்த வரிசைப்படி B என்ற உச்சிக்கு D ஒத்ததாகிறது, E என்ற உச்சிக்கு C ஒத்ததாகிறது. BE = CD என்று மட்டும் நிறுவச் சொல்லியிருந்தால் இந்தப் பிழை மறைந்தே இருந்துவிடும்; ஏனெனில் தவறான வரிசையிலும் BE என்ற பக்கத்துக்கு ஒத்த பக்கமாக DC தான் வருகிறது. அடுத்த வரியில் ஒத்த கோணங்களை எடுக்கும்போதுதான் ∠ABE = ∠ADC என்ற தவறான கூற்று வந்து நிற்கும்.

சோதனை எளியது. இரண்டு முக்கோணங்களின் பெயர்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள்.

```
A B E
A C D
```

முதல் இரண்டு எழுத்துகள் AB, AC. இது வரி 1. முதலும் கடைசியும் AE, AD; இது வரி 2. நீங்கள் பயன்படுத்திய ஒவ்வொரு சமன்பாடும் இப்படி மேலும் கீழுமாக ஒரே இடத்தில் அமைய வேண்டும். ABE என்பதன் கீழ் ADC என்று எழுதிப் பார்த்தால் AB இன் கீழ் AD வருகிறது. அப்படி ஒரு தரவு கணக்கில் இல்லை.

### அடுத்தது: ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் முக்கோணங்கள்

வரிசையைத் திருத்தியும் குழப்பம் தீரவில்லை என்றால், படத்தில் இரண்டு முக்கோணங்களும் ஒன்றையொன்று மூடிக்கொண்டிருக்கக்கூடும். ABE, ACD ஆகியவை அப்படிப்பட்டவைதாம். அவற்றைத் தனித்தனியே, A இரண்டிலும் மேலே இருக்குமாறு, B இருக்கும் பக்கத்தில் மற்றதன் C வருமாறு திருப்பி வரைந்து, சமமான பாகங்களுக்கு ஒரே குறியிடுங்கள். இதற்கு மேல் உதவி தேவைப்படாத அறிகுறி இது.

## அறிகுறி 2: மூன்று சமன்பாடுகள் கையில் உள்ளன, ஆனால் எந்தக் கொள்கையும் பொருந்தவில்லை, அல்லது ப-கோ-ப என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார்

### கோணம் இடையில் இருக்கிறதா?

மேற்கண்ட கணக்கில் AD = AE என்பதற்குப் பதிலாக BE = CD என்று தரப்பட்டிருப்பதாகக் கொள்வோம். மாணவர் AB = AC, BE = CD, ∠A பொதுவானது என்று மூன்றையும் எழுதி, ப-கோ-ப என முடித்துவிடுவார். இரண்டு பக்கங்கள், ஒரு கோணம் என்று எண்ணிக்கை சரியாக இருப்பதால் ஐயமே எழாது.

எழுத்துகளைக் கொண்டே இதைச் சோதிக்கலாம். AB, BE என்ற இரு பக்கங்களின் பெயர்களிலும் வரும் பொது எழுத்து B. ஆகவே அவற்றுக்கு இடைப்பட்ட கோணம் B என்ற உச்சியில் இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பதோ A என்ற உச்சியிலுள்ள கோணம். பொது எழுத்தும் கோணத்தின் உச்சியும் வேறாக இருந்தால் அது ப-கோ-ப ஆகாது, ப-ப-கோ ஆகும். அப்படியொரு சர்வசமக் கொள்கை இல்லை.

ஏன் இல்லை என்பதை அளவுகோலும் கவராயமும் கொண்டு ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்ளலாம். ∠P = 30° வரைந்து, அதன் ஒரு கரத்தில் PQ = 10 செ.மீ. என அளந்துகொள்ளுங்கள். Q ஐ மையமாகக் கொண்டு 6 செ.மீ. ஆரத்தில் மற்றக் கரத்தை வெட்டுமாறு வில் வரையுங்கள். வில் இரண்டு இடங்களில் வெட்டும்: P இலிருந்து ஏறத்தாழ 5.3 செ.மீ. தொலைவில் ஒன்று, ஏறத்தாழ 12 செ.மீ. தொலைவில் இன்னொன்று. 10, 6 என்ற பக்கங்களும் 30° கோணமும் இரண்டு முக்கோணங்களிலும் அப்படியே உள்ளன, ஆனால் முக்கோணங்கள் வெவ்வேறானவை. ஒருமுறை தம் கையால் இதை வரைந்த மாணவர் பிறகு ப-ப-கோ என்ற பொறியில் விழுந்து நான் பார்த்ததில்லை.

### செங்கோணம் இருக்கிறதா?

இடைப்படாத கோணமாக இருந்தாலும் அது 90° என்றால் வழி உண்டு. BE ⊥ AC, CD ⊥ AB என்று தரவில் இருந்தால், ΔABE, ΔACD இரண்டும் செங்கோண முக்கோணங்கள்; AB, AC அவற்றின் கர்ணங்கள்; BE = CD ஒரு பக்கம். இப்போது செ-க-ப பொருந்தும். ஆனால் இதை எழுதும்போது ∠AEB = ∠ADC = 90° என்பது ஒரு தனி வரியாக, செங்குத்து என்ற தரவைக் காரணமாகக் கொண்டு, முன்னரே வந்திருக்க வேண்டும். கர்ணம் எது என்று பார்க்காமல், செங்கோணத்தைத் தாங்கும் இரு பக்கங்களையும் எடுத்துக்கொண்டு செ-க-ப என்று எழுதுவதும் அடிக்கடி நிகழ்கிறது. அந்த இடத்துக்கு உரியது ப-கோ-ப.

### இன்னொரு கோணம் கிடைக்குமா?

செங்கோணமும் இல்லையென்றால், மூன்றாவதாக ஒரு பக்கத்தையோ வேறொரு கோணத்தையோ தேட வேண்டும். பொதுவான பக்கம், குத்தெதிர்க் கோணங்கள், இணைகோடுகள் தரும் கோணங்கள் ஆகிய மூன்றும் படத்திலேயே இருந்தும் தரவில் எழுதப்படாதவை. முதலில் அவற்றைத் தேடுங்கள்.

அவையும் இல்லையென்றால், கணக்கை ஆசிரியரிடம் கொண்டு செல்லும் நேரம் வந்துவிட்டது. கேட்க வேண்டிய கேள்வி, "இதை எப்படிச் செய்வது?" என்பதன்று, "இந்தத் தரவு போதுமா?" என்பதே. மேலே BE = CD என்று மாற்றிய கணக்கில், செங்குத்து என்ற தரவும் இல்லாவிட்டால், அது உண்மையிலேயே போதாது. B இலிருந்து ஒரே தொலைவில் AC இன் மீது இரண்டு புள்ளிகள் அமையக்கூடும்; எனவே AD = AE ஆகாமலேயே BE = CD ஆகக்கூடும். வினாத்தாளில் ஒரு தரவு விடுபட்டிருந்தால் மாணவர் எவ்வளவு முயன்றாலும் பயனில்லை.

## அறிகுறி 3: கூற்று சரி, காரணம் தவறு என்று குறிக்கப்பட்டுள்ளது

"படத்திலிருந்து" என்று எழுதப்பட்ட காரணங்கள் இந்த வகையில் முதலாவதாக வரும். பொதுவான பக்கத்துக்கோ கோணத்துக்கோ "பொதுவானது" என்றே எழுதுங்கள். வேறு எதற்கும் படம் காரணமாகாது.

அடுத்தது, தரவுக்கும் கூற்றுக்கும் இடையில் ஒரு வரையறை விடுபடுவது. M என்பது BC இன் நடுப்புள்ளி என்று தரப்பட்டிருக்கும்போது BM = MC என்ற கூற்றுக்குக் காரணம் "தரவு" அன்று; "நடுப்புள்ளியின் வரையறை". சில ஆசிரியர்கள் இதைப் பொருட்படுத்தமாட்டார்கள். நான் பொருட்படுத்துவேன், ஏனெனில் இந்த வரியை ஒழுங்காக எழுதும் மாணவர்தாம், நடுக்கோடு என்ற தரவிலிருந்து செங்கோணத்தையும் எடுத்துக்கொள்ளும் பிழையைச் செய்யாமல் இருக்கிறார்.

சற்று ஆழமான காரணம், தேற்றத்துக்குப் பதிலாக அதன் மறுதலையைக் குறிப்பிடுவது. ABCD என்ற நாற்கரத்தில் AB = CD, BC = DA எனத் தந்து, AB ∥ DC என நிறுவச் சொல்கிறார்கள். மூலைவிட்டம் AC பொதுவானதாகையால் ப-ப-ப மூலம் ΔABC ≅ ΔCDA; எனவே ∠BAC = ∠DCA. இதன் பிறகு AB ∥ DC என்ற கூற்றுக்கு, "இணைகோடுகளின் ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம்" என்று காரணம் எழுதினால், இனிமேல்தான் நிறுவ வேண்டிய இணைத்தன்மையை முன்பே ஏற்றுக்கொண்டதாகிவிடும். எழுத வேண்டியது, "ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமமெனில் கோடுகள் இணையானவை" என்பது. காரணத்தை "எனில்" சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். "எனில்" என்ற சொல்லுக்கு முன்னால் வருவது மேலேயுள்ள ஏதேனும் ஒரு வரியில் இருக்க வேண்டும். பின்னால் வருவது இப்போது எழுதும் கூற்றாக இருக்க வேண்டும்.

இதே படத்தில் இன்னொரு தடுமாற்றமும் உண்டு. ∠BAC = ∠DCA என்பதிலிருந்து எந்த இரண்டு கோடுகள் இணையாகின்றன? கோணங்களின் பெயர்களிலிருந்து குறுக்குவெட்டியான AC ஐ நீக்கிவிடுங்கள். முதல் கோணத்தில் மிஞ்சும் கரம் AB, இரண்டாவதில் CD. இணையாவன அவை இரண்டுமே. BC, AD அல்ல.

## அறிகுறி 4: ஒவ்வொரு வரியும் சரியாகத் தோன்றுகிறது, ஆனால் "நிறுவ வேண்டியதையே பயன்படுத்தியுள்ளாய்" என்று எழுதப்பட்டுள்ளது

நான் அதிக நேரம் செலவிட்டு விளக்க நேர்வது இந்தப் பிழையைத்தான். AB = AC எனில் ∠B = ∠C என்ற தேற்றத்தை நிறுவும்போது இது மிகத் தெளிவாகத் தெரியும்.

### வரி எண் முன்னோக்கிச் செல்கிறதா?

முதல் சோதனை, காரணத்தில் உள்ள வரி எண்கள் எல்லாம் அந்த வரியின் எண்ணைவிடச் சிறியனவா என்பது. "சர்வசம முக்கோணங்களின் ஒத்த பாகங்கள்" என்ற காரணம் முக்கோணங்கள் சர்வசமம் என்று சொன்ன வரிக்கு மேலே எங்கேனும் வந்திருந்தால், அங்கேயே நிரூபணம் உடைந்துவிட்டது.

### அமைப்புக் கோட்டின் மேல் எத்தனை நிபந்தனைகள்?

இத்தேற்றத்துக்கு A இலிருந்து BC க்கு AD என்ற கோடு வரைய வேண்டும். மாணவர்கள் பலர் அமைப்பில், "∠A ஐ இருசமக்கூறிடுமாறும் BC க்குச் செங்குத்தாக இருக்குமாறும் AD வரைக" என்று எழுதுகிறார்கள். A வழியே ∠A இன் இருசமவெட்டி ஒன்றே உண்டு. செங்குத்தும் ஒன்றே உண்டு. இரண்டும் ஒரே கோடு என்பது நிறுவப்பட வேண்டிய செய்தி. நாம் விரும்பினோம் என்பதற்காக அது அமைந்துவிடாது. ஆகவே அமைப்புக் கோட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் தரலாம். அந்த ஒரு நிபந்தனை எதுவோ, அதைப் பொறுத்துக் கொள்கையும் மாறும்.

AD கோண இருசமவெட்டி என்றால்: AB = AC தரவு, ∠BAD = ∠CAD அமைப்பு, AD பொதுவானது; ப-கோ-ப. இதுவே மிகப் பாதுகாப்பான வழி.

D என்பது BC இன் நடுப்புள்ளி என்றால்: AB = AC, BD = CD, AD பொதுவானது; ப-ப-ப.

AD ⊥ BC என்றால்: இரண்டு செங்கோணங்கள், கர்ணங்கள் AB = AC, பொதுவான பக்கம் AD; செ-க-ப.

மூன்றிலும் ∠B = ∠C என்பது சர்வசமத்துக்குப் பின்னரே வருகிறது. செங்குத்து வரைந்த பிறகு கோ-கோ-ப என்று எழுதினால், நிச்சயம் ∠B = ∠C ஐத்தான் அந்தக் கோணங்களில் ஒன்றாக எடுத்திருப்பீர்கள்; நிறுவ வேண்டியதைப் பயன்படுத்திய இடம் அதுவே.

### மேற்கோள் காட்டிய கொள்கையே இதன்மேல் நின்றால்?

இது அரிதாக வரும். ஆனால் கண்டுபிடிக்கக் கடினமானது. சில பாடநூல்கள் செ-க-ப ஐ நிரூபணமின்றி ஏற்கத்தக்க கொள்கையாகத் தருகின்றன. வேறு சில நூல்கள், இரண்டு செங்கோண முக்கோணங்களையும் சமமான பக்கத்தில் ஒட்டி, கிடைக்கும் இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்பதிலிருந்து அதை நிறுவுகின்றன. உங்கள் நூல் இரண்டாவது வகையானது என்றால், அடிக்கோணத் தேற்றத்தை நிறுவ செ-க-ப ஐப் பயன்படுத்துவது வட்டமாகச் சுற்றி வருவதாகும். ப-கோ-ப வழியையே கொள்ள வேண்டும். ப-ப-ப க்கும் இதே ஐயத்தை எழுப்பலாம். அதன் வழக்கமான நிரூபணமும் அடிக்கோணத் தேற்றத்தின் மேல் நிற்பதுதான். உங்கள் வகுப்பில் எது ஏற்கப்பட்டது, எது நிறுவப்பட்டது என்ற வரிசையைச் சொல்ல வேண்டியவர் ஆசிரியரே. இந்த இடத்தில் தயங்காமல் கேட்டுவிடுங்கள். உங்கள் நோட்டைப் பார்த்து மட்டும் இதற்கு விடை காண முடியாது.

## அறிகுறி 5: எல்லாக் காரணங்களும் சரி, ஆனால் முடிவு வெளிப்படையாகவே தவறு

இதற்குக் காரணம் ஒன்றுதான்: படம் தவறாக வரையப்பட்டிருக்கிறது. நெடுங்காலமாக அறியப்பட்ட ஒரு கணக்கைக் காட்டினால் புரிந்துவிடும். AB = 8 செ.மீ., AC = 6 செ.மீ., BC = 7 செ.மீ. உள்ள முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ∠A இன் இருசமவெட்டியும் BC இன் மையக்குத்துக்கோடும் O இல் சந்திக்கின்றன. O இலிருந்து AB க்கு OR, AC க்கு OQ என்று செங்குத்துகள் வரைக.

கோ-கோ-ப மூலம் ΔAOR ≅ ΔAOQ; எனவே AR = AQ, OR = OQ. O மையக்குத்துக்கோட்டின் மீது இருப்பதால் OB = OC. செ-க-ப மூலம் ΔORB ≅ ΔOQC; எனவே RB = QC. கூட்டினால் AR + RB = AQ + QC, அதாவது AB = AC. அப்படியானால் 8 = 6 என்று ஆகிவிடுகிறது.

இரண்டு சர்வசமங்களும் சரியானவை. ஒத்த பாகங்களும் சரியானவை. பிழை, "கூட்டினால்" என்ற கடைசிச் சொல்லில் இருக்கிறது. கையால் குத்துமதிப்பாக வரைந்தால் O முக்கோணத்தின் உள்ளே விழும். கவராயத்தால் துல்லியமாக வரைந்தால் O வெளியே, BC க்கு மறுபுறம் விழுவதைக் காண்பீர்கள். அப்போது R என்ற அடி AB இன் மீதே இருக்கும். Q என்ற அடியோ AC ஐ C க்கு அப்பால் நீட்டிய பகுதியில் விழும். அளந்து பாருங்கள்: AR = AQ = 7 செ.மீ., RB = QC = 1 செ.மீ. ஆகவே AB = 7 + 1 = 8, AC = 7 − 1 = 6. ஒரு பக்கத்தில் கூட்ட வேண்டும், மறுபக்கத்தில் கழிக்க வேண்டும்.

ஆகவே நீளங்களையோ கோணங்களையோ கூட்டும் அல்லது கழிக்கும் ஒவ்வொரு வரியிலும், நடுவிலுள்ள புள்ளி உண்மையிலேயே இரு முனைகளுக்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் முதல் கணக்கின் ஆறாம் வரியில் BD = AB − AD என எழுதியது, D என்ற புள்ளி AB இன் மீது உள்ளது என்ற தரவின் பலத்தால்தான். D ஐ AB இன் நீட்சியில் எடுக்கும் கணக்கானால் BD = AD − AB என்று அந்த வரியை மாற்றி எழுத வேண்டும். தரவு இதைச் சொல்லாதபோது, சமமற்ற அளவுகளைக் கொண்டு ஒரு துல்லியப் படம் வரைந்து பாருங்கள். இருசமபக்கமாகவோ செங்கோணமாகவோ தோன்றும் படத்தை வரையாதீர்கள். துல்லியப் படத்திலும் புள்ளி எங்கே விழும் என்பது அளவுக்கு ஏற்ப மாறினால், நிரூபணத்தை இரண்டு நிலைகளாகப் பிரித்து எழுத வேண்டியிருக்கும். பள்ளித் தேர்வில் அதைக் கேட்பது அரிது என்பதால், எழுதத் தொடங்குமுன் ஆசிரியரிடம் படத்தைக் காட்டி, எந்த நிலை கருதப்படுகிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.